எட்டு இஞ்ச் பொம்மை வீடியோவில் ஒரு அடி ஆவது எப்படி

"அண்ணே, விளாச்சேரியில் கொலு பொம்மை வாங்கி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்ஆப்பிலும் விற்கிறேன். வீடியோவில் பொய் எதுவும் சொல்வதில்லை. எட்டு இஞ்ச் என்று எழுதிப் போடுகிறேன், பின்னால் சுவரில் இஞ்ச் டேப் கூட ஒட்டியிருக்கிறேன். அப்படியும் 'வீடியோவில் பெரிதாகத் தெரிந்தது, வந்தது குட்டியாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்புகிறார்கள். போன வாரம் சென்னையிலிருந்து ஒரு அம்மா 'ஏமாற்றிவிட்டீர்கள்' என்றே எழுதிவிட்டார். பேக்கிங்கையும் வீடியோவில் காட்டச் சொல்கிறார்கள், எப்படிக் காட்டுவது? நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?"
– வாசகி, திருநகர், மதுரை

வணக்கம்மா. கேமரா வாங்க வேண்டாம். உங்களைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சுவரில் ஒட்டிய டேப்தான்.

கணக்குப் போட்டே பார்ப்போம். எட்டு இஞ்ச் பொம்மை. ஃபோனை அதற்கு ஒரு அடி தூரத்தில் பிடிக்கிறீர்கள், ஏனென்றால் அப்போதுதான் முகமும் நகையும் பளிச்சென்று தெரியும், யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள். டேப் ஒட்டிய சுவர் பொம்மைக்கு அரை அடி பின்னால் இருக்கிறது. ஆக ஃபோனிலிருந்து பொம்மைக்கு 12 இஞ்ச், டேப்புக்கு 18 இஞ்ச். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்பதால் டேப் சுருங்கும், பொம்மை சுருங்காது. எட்டை 18-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 12 வருகிறது. அதாவது ஃபோனைத் தாழ்த்தி பொம்மையின் அடி மட்டத்தில் பிடித்தால், உங்கள் எட்டு இஞ்ச் பொம்மையின் தலை சுவர் டேப்பில் 12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் "எட்டு இஞ்ச்" என்று எழுதியிருக்கிறீர்கள், படமோ ஒரு அடி என்கிறது. பார்க்கிறவர் எழுத்தை நம்புவாரா, கண்ணை நம்புவாரா? சென்னை அம்மாவுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை, நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மை.

இதைச் சரிசெய்ய இரண்டு காரியம் செய்ய வேண்டும், இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்று, அளவுகோலை பொம்மையின் தோளோடு தோளாக நிறுத்துவது. பின்னால் வேண்டாம், முன்னாலும் வேண்டாம், பொம்மையின் தலை உச்சி எந்தத் தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில் கோலும் இருக்க வேண்டும். இரண்டு, ஃபோனைப் பின்னால் நகர்த்துவது. நாலு அடி தள்ளி ட்ரைபாடில் வைத்து 2x-இல் எடுங்கள். நாலு அடி என்பது 48 இஞ்ச். அங்கிருந்து எடுத்தால், டேப் அதே சுவரில் இருந்தால்கூட எட்டு இஞ்ச் பொம்மை ஒன்பதாகத்தான் தெரியும், பன்னிரண்டாகத் தெரியாது. கோல் பக்கத்தில் நின்றுவிட்டால் அந்த ஒரு இஞ்ச் பிழையும் போய்விடும். கூடவே லென்ஸின் உயரத்தையும் கவனியுங்கள். ஃபோன் பொம்மையின் நடு உயரத்துக்கு நேராக இருக்கட்டும். கீழே படுத்துக்கொண்டு எடுத்தால் பொம்மை கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அது விளம்பரத்துக்கு அழகு, அளவு காட்டுவதற்கு ஆகாது.

இன்னொரு தொல்லை ஃபோனிலேயே இருக்கிறது. இப்போது வரும் பல ஃபோன்கள், பொருளுக்கு ரொம்பக் கிட்டே போனதும் நம்மைக் கேட்காமலே அகல லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். மாறும் நொடியில் படம் லேசாக ஒரு குதி குதிக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்த லென்ஸில் கிட்டே இருப்பது பூதாகாரமாகவும் பின்னால் இருப்பது எங்கோ தள்ளியும் தெரியும். கையில் வீணை வைத்திருக்கும் சரஸ்வதியை அப்படி எடுத்தால் வீணை முகத்தைவிடப் பெரிதாக வந்துவிடும். 0.5 என்று திரையில் தெரிந்தாலே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோலுக்கு கடையில் வாங்கும் ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம். வெளிச்சம் பட்டு மின்னும், கோடுகள் ரொம்ப மெல்லியவை, வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது வீடியோ நசுங்கி எண்கள் எல்லாம் கலங்கிப் போகும். வெள்ளை அட்டையில் இரண்டு இஞ்ச் அகலத்துக்குப் பட்டை வெட்டி, ஒவ்வொரு இஞ்சுக்கும் மார்க்கரால் தடித்த கோடு போட்டு, எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். தரையைத் தொடும் இடம் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஸ்கேல்களில் ஓரத்தில் கொஞ்சம் காலி இடம் விட்டிருப்பார்களே, அது இருக்கக் கூடாது. இப்படி இரண்டு பட்டை செய்துகொள்ளுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

இஞ்ச் என்று சொன்னால் மனதில் படம் வராத ஆட்களும் உண்டு. அவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளை ஓர் அட்டையில் ஒட்டி நிறுத்துங்கள். அதன் உயரம் 29.7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பன்னிரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் அது ஒரே அளவு. எட்டு இஞ்ச் பொம்மை அந்தத் தாளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலே வரும், வாங்குகிறவர் வீட்டிலேயே ஒரு தாளை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் வைத்துக் காட்டுவதை நான் நம்புவதில்லை, கைக்குக் கை அளவு மாறும், குழந்தை கையில் வைத்து எடுத்துவிட்டு "பாருங்க எவ்ளோ பெருசு" என்கிற வீடியோக்களையும் பார்க்கத்தான் செய்கிறோம். செல்ஃபோனைப் பக்கத்தில் வைப்பதும் அதே கதைதான்.

இப்போது உங்கள் வீடியோக்களில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து இஞ்ச் பொம்மையும் திரை நிறைய நிற்கிறது, ஒரு அடி பொம்மையும் திரை நிறைய நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஃபோனை முன்னே பின்னே நகர்த்தி, திரைக்குப் பொருந்தும்படி எடுத்தால் அப்படித்தான் வரும். பத்து வீடியோவை வரிசையாகத் தள்ளிப் பார்க்கிறவருக்கு எல்லா பொம்மையும் ஒரே உயரம். அதனால் ட்ரைபாடின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், பொம்மை நிற்கும் இடத்தையும் மேஜையில் குறியுங்கள், 2x என்றால் எல்லாவற்றுக்கும் 2x, அதற்கப்புறம் எந்தப் பொம்மைக்காகவும் அதை மாற்றாதீர்கள். ஐந்து இஞ்ச் பொம்மை திரையில் குட்டியாக, சுற்றிலும் நிறைய வெற்றிடத்தோடு நிற்கும். பார்க்க உங்களுக்கே மனசு வராது. ஆனால் அது குட்டிதான், குட்டியாகத்தான் தெரிய வேண்டும். இந்த அளவுக் காட்சி ஆறேழு நொடி ஓடட்டும். அது முடிந்த பிறகு கண் எழுதிய நேர்த்தியையும் புடவைக் கரையையும் எவ்வளவு கிட்டே போய் வேண்டுமானாலும் காட்டுங்கள், "கிட்ட எடுத்தது" என்று ஓரத்தில் எழுதிவிட்டால் போதும். வரிசை முக்கியம்: முதலில் அளவு, அப்புறம் அழகு. கிட்டே எடுத்த காட்சியை முதலில் போட்டால், பாதியிலேயே தள்ளிவிட்டுப் போகிறவர் அளவைப் பார்க்காமலே ஆர்டர் போடுவார். எழுத்தைத் திரையின் அடியில் போடாதீர்கள். ரீல்ஸில் அந்த இடத்தில்தான் உங்கள் பக்கத்தின் பெயரும் விளக்கமும் வந்து உட்காரும், நீங்கள் எழுதிய "8 இஞ்ச்" அதற்குள் மறைந்துவிடும்.

அந்த எட்டு இஞ்சை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதும் ஒரு கேள்வி. பீடத்தோடா, பீடம் இல்லாமலா? பின்னால் திருவாசி இருந்தால் அதன் உச்சி வரையா, சாமியின் கிரீடம் வரையா? திருவாசியோடு எட்டு இஞ்ச் என்றால் உள்ளே சாமி ஆறரை இஞ்ச்தான் இருக்கலாம். இரண்டையும் சொல்லுங்கள். கோலை ஒட்டி விரலை வைத்து, "பீடத்தோடு கிரீடம் வரை இவ்வளவு, திருவாசி உச்சி வரை இவ்வளவு" என்று வாயால் சொன்னாலே ஆயிற்று. உயரத்தைவிட முக்கியமாக ஒன்று விட்டுப்போகிறது, அடிப்பாகத்தின் ஆழம். கொலு வைக்கிறவர்களுக்குப் படியில் பொம்மை உட்காருமா என்பதுதான் கவலை, முன்னிருந்து பின்வரை எத்தனை இஞ்ச் என்று யாரும் சொல்வதில்லை. பொம்மையைப் பக்கவாட்டில் திருப்பி அதே கோலைப் படுக்கவைத்து அந்த அளவையும் காட்டிவிடுங்கள்.

செட் பொம்மைகளில்தான் சண்டை அதிகம் வரும். தசாவதார செட்டை எடுத்துக்கொள்வோம். "எட்டு இஞ்ச் செட்" என்று விற்பார்கள், அந்த எட்டு பெரும்பாலும் பத்தில் உயரமான ஒன்றின் அளவு. மச்சமும் கூர்மமும் அதைவிட ஒன்றரை இஞ்ச் குறைவாக இருக்கலாம். கையால் செய்து வர்ணம் பூசுவதில் அரை இஞ்ச் முன்னே பின்னே வருவதும் சகஜம். பத்தையும் ஒரே நேர்வரிசையில் நிறுத்தி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பட்டையை வையுங்கள், இரண்டு பட்டை கேட்டது இதற்குத்தான். இரண்டு பட்டையும் திரையில் ஒரே உயரமாகத் தெரிந்தால் ஃபோன் வரிசைக்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று குட்டையாகத் தெரிந்தால் நீங்கள் கோணலாக நிற்கிறீர்கள், கிட்டே இருக்கும் பொம்மைகள் ஊதிப்போய்த் தெரிகின்றன. வரிசையின் ஒரு முனையில் நின்றுகொண்டு சாய்வாக எடுப்பது பார்க்க அம்சமாக இருக்கும், அதை அளவுக் காட்சியாக மட்டும் வைக்காதீர்கள். இந்தச் செட் நாலு அடியில் திரைக்குள் அடங்காது, ஃபோனைப் படுக்கவைத்து இன்னும் பின்னால் போகலாம், பட்டைகள் இருப்பதால் தூரம் மாறினாலும் பரவாயில்லை. ஸ்டாக்கில் ஒரே அச்சில் செய்தது இருபது இருந்தால் அதில் பெரியதை எடுத்து வீடியோ போடாமல் சின்னதை எடுத்துப் போடுங்கள், வாங்கியவருக்கு வந்து சேர்வது வீடியோவில் பார்த்ததைவிட ஒரு நூல் பெரிதாகவே இருக்கட்டும்.

சரி, பேக்கிங்.

இதில் பலர் செய்வது, அழகான ஒரு பெட்டியில் ரிப்பன் கட்டி வீடியோ எடுத்துவிட்டு, அனுப்பும்போது மளிகைக் கடை அட்டைப்பெட்டியில் அனுப்புவது. நீங்கள் எந்தப் பெட்டியில் அனுப்புவீர்களோ அதே பெட்டியை, அதே டேப்பை, அதே பபுள் ஷீட்டைக் காட்டுங்கள். ஒரே ஷாட்டாக எடுங்கள், நடுவில் வெட்டக் கூடாது. பேக்கிங்குக்குப் பத்து நிமிஷம் ஆகும் என்றால் வேகமாக ஓட்டலாம், "வேகமாக ஓட்டியது" என்று எழுதிவிடுங்கள். வெட்டி ஒட்டினால் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஃபோனை மேலிருந்து நேராகப் பார்க்கும்படி வைக்காமல் சாய்வாக வையுங்கள், அப்போதுதான் பெட்டியின் ஆழமும் பொம்மைக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட இடமும் தெரியும்.

காட்ட வேண்டியது என்னவென்று உங்கள் பொம்மையையே வைத்துச் சொல்கிறேன். முதல் சுற்று பட்டர் பேப்பர் அல்லது டிஷ்யூ. வர்ணத்தின் மேல் நேரடியாக பபுள் ஷீட் சுற்றினால், லாரியில் அடிக்கும் சூட்டில் ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகத் தடம் விழும், புதிதாக வார்னிஷ் அடித்தது என்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் பள்ளங்களை நிரப்புவது. தூக்கிய கைக்கும் உடம்புக்கும் நடுவில், வில்லுக்கும் தோளுக்கும் நடுவில் சுருட்டிய பேப்பரைச் செருகி, நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் தனியாக நிற்காதபடி செய்ய வேண்டும். மண் பொம்மை உடைவது பெரும்பாலும் அங்கேதான், வயிற்றில் இல்லை. அதற்கு மேல் பபுள் ஷீட். பெட்டிக்குள் வைக்கும்போது ஆறு பக்கமும் இரண்டு இஞ்ச் இடம் விட்டு, அதில் வைக்கோலோ கிழித்த பேப்பரோ இறுக்கமாக அடையுங்கள். மூடி ஒட்டியதும் மைக்குக்குக் கிட்டே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது. அந்தச் சத்தத்துக்கு மேல் பாட்டுப் போட்டு மூடிவிடாதீர்கள், பார்க்கிறவர் கேட்க வேண்டியதே அதைத்தான்.

பெட்டியின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, கூரியர் சார்ஜ் பற்றிய வாக்குவாதம் பாதி குறையும். எட்டு இஞ்ச் பொம்மை, அடிப்பாகம் ஐந்துக்கு நாலு இஞ்ச். எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்ச் விட்டால் பெட்டி 12 x 9 x 8 இஞ்ச், ஏறக்குறைய 30 x 23 x 20 சென்டிமீட்டர். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்த எடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். இங்கே அது 2.76 கிலோ. தராசில் பார்சல் ஒன்றே முக்கால் கிலோதான் காட்டினாலும் கணக்கு 2.76-க்குத்தான். "இத்துனூண்டு பொம்மைக்கு இவ்வளவு சார்ஜா" என்று கேட்கிறவருக்கு, மூடிய பெட்டியையும் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு காட்சி காட்டிவிட்டால் விளங்கும். பெட்டியைச் சின்னதாக்கிக் காசு மிச்சம் பிடித்தால் அந்த இரண்டு இஞ்ச் போய்விடும், பொம்மையின் கையும் கூடவே போய்விடும். பெரிய பெட்டியை மட்டும் காட்டி உள்ளே என்ன அளவு என்று சொல்லாமல் விடுவது இன்னொரு ஏமாற்று, ஆள் பெட்டியைப் பார்த்துப் பெரிய பொம்மை என்று எண்ணிக்கொள்வார்.

கீழே போட்டுக் காட்டலாமா என்றால், காட்டலாம், ஒழுங்காகச் செய்தால். பேக்கேஜிங் சோதனைக்கு ஐஎஸ்டிஏ என்ற அமைப்பு வைத்திருக்கும் அடிப்படை முறையில், சுமார் ஒன்பதரை கிலோவுக்குக் கீழான பார்சலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு பக்கம். அந்த உயரம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அளவுதான். மூலையிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கேதான் அடி பலமாக விழும். தரையில் மெத்தை, பாய் எதுவும் வேண்டாம், வெறும் தரை. உள்ளே வைப்பது விற்கிற அதே பொம்மையாக இருக்க வேண்டும், காகிதக்கூழ் பொம்மையை வைத்துப் போட்டுக்காட்டிவிட்டு மண் பொம்மை விற்கக் கூடாது, ஒன்று லேசு, மற்றது கனம். வைப்பதிலிருந்து திறப்பது வரை ஒரே ஷாட். கை ஒடிந்திருந்தால் வீடியோவை மாற்றாதீர்கள், பேக்கிங்கை மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள். ஒடியவில்லை என்றாலும் "உடையவே உடையாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் மேஜையிலிருந்து பத்து முறை போட்டதில் தாங்கியது, அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். பார்சலுக்கு மேல் இன்னொருவருடைய இருபது கிலோ மூட்டை ஏறினால் என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

திறக்கும் காட்சியையும் விடாதீர்கள். கூரியரில் தப்பித்து வந்த பொம்மை, வாங்கியவர் கையில் உடைவதும் நடக்கும். பபுள் ஷீட்டின் நுனி எங்கே என்று தெரியாமல் கத்தரிக்கோலை விட்டு இழுப்பார்கள், கூடவே புல்லாங்குழல் வந்துவிடும். டேப்பை எங்கே வெட்ட வேண்டும், பீடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, செருகிய பேப்பரைக் கடைசியில் உருவ வேண்டும் என்று அரை நிமிஷம் காட்டி, பார்சல் அனுப்பியதும் அதை அவருக்கு வாட்ஸ்ஆப்பில் தட்டிவிடுங்கள்.

"ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் பணம் திரும்பாது" என்று உங்கள் பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்தேன். உடைந்தது என்று பொய் சொல்கிறவர்களும் உண்டு, வீடியோ கேட்பது நியாயம்தான். ஆனால் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைகளோடு பொருள் ஒத்துப்போகவில்லை என்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது, விளம்பரமும் பொருளின் நிஜத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் சுவர் டேப் 12 காட்டிக்கொண்டிருக்கும் வரை அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது.

அதனால் அந்தப் பழைய வீடியோக்களை இறக்கிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியாது, அதிகம் திரும்பி வந்த பொம்மைகளை முதலில் எடுங்கள், மற்றதற்கு அதுவரை ஏ4 தாளோடு ஒரு ஃபோட்டோ போதும். சென்னை அம்மாவிடம் வாக்குவாதம் வேண்டாம், பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள், கூரியர் செலவு உங்களுடையது. கொடுக்கும்போது, வீடியோவில் எந்த இடத்தைப் பார்த்துப் பெரிதென்று நினைத்தார் என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.